மாதம் பத்தாயிரம், வருடா வருடம் 8% கூடுதல்: பிபிஎஃப்பா, விபிஎஃப்பா, இண்டெக்ஸ் ஃபண்டா?

ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே அச்சில் இருக்கும். வயது 35, தனியார் வேலை, இதுவரை பி.எஃப் தவிர வேறு எதுவும் இல்லை, இனி மாதம் பத்தாயிரம் போட முடியும், சம்பளம் ஏற ஏற அதையும் ஏற்றலாம், எதில் போடுவது? ஒருவர் பிபிஎஃப் என்கிறார், அலுவலகத்தில் விபிஎஃப் என்கிறார்கள், தம்பி இண்டெக்ஸ் ஃபண்ட் என்கிறான். ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாமே கோடியில் வருகிறது, அதனால் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

கோடி வருவதுதான் சிக்கலே. 25 வருடம் கழித்து வரும் கோடியை இன்றைய விலைவாசியில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் ஒரே ஆளை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போடுவோம்.

## கணக்கின் அடிப்படை

35 வயதுப் பெண், 60இல் ஓய்வு, ஆக 25 வருடம். மாதச் சம்பளம் 90,000, அதில் அடிப்படைச் சம்பளம் 40,000. முதல் வருடம் மாதம் 10,000, அதாவது 1.2 லட்சம். ஒவ்வொரு வருடமும் 8% கூட்டுகிறார். விலைவாசி உயர்வு 6%. கொஞ்சம் அதிகம்தான், ரிசர்வ் வங்கியின் இலக்கே 4%, மேலே கீழே 2% வரை விடுகிறார்கள். ஆனாலும் இந்த மாதிரிக் கணக்கில் மேல் விளிம்பை வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கும். வரி எங்கெல்லாம் வருகிறதோ அங்கே 30%, செஸ் சேர்த்து 31.2% என்று வைத்திருக்கிறேன். இன்றைய சம்பளத்துக்கு அவ்வளவு வராது, போகப் போக வரும்.

இப்படிப் போனால் 25ஆம் வருடம் அவர் மாதம் 63,400 போட வேண்டியிருக்கும். மொத்தம் போட்டது 87.7 லட்சம். சம்பளமும் 8% ஏறினால் இது எப்போதும் சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான், சமாளிக்கலாம். கால்குலேட்டரில் பலர் கண்ணை மூடிக்கொண்டு 10% என்று போடுகிறார்கள். அதில் கடைசி வருடத் தவணை மாதம் 98,500. சம்பளம் 6% மட்டும் ஏறினால் அது சம்பளத்தில் 27%. கடைசி வருடத் தவணையைப் பார்க்காமல் கூடுதல் சதவீதத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் நீங்களே போட்டுப் பார்க்க ஒரே வரி போதும். 11% வருமானம், 8% கூடுதல், 6% விலைவாசி என்றால்:

```
=120000*((1+0.11)^25-(1+0.08)^25)/(0.11-0.08)/(1+0.06)^25
```

விடை சுமார் 62.8 லட்சம், வரிக்கு முன், இன்றைய பணத்தில். வருடப் பணம் முழுவதும் வருடக் கடைசியில் போய்ச் சேர்வதாக இது எடுத்துக்கொள்கிறது. மாதாமாதம் போட்டால் இதைவிடக் கொஞ்சம் கூட வரும், எல்லா வழிகளுக்கும் அப்படித்தான் என்பதால் ஒப்பீடு கெடாது. வருமானமும் கூடுதலும் ஒரே சதவீதமாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்கிறது என்று செல்லில் பிழை காட்டும், பயப்பட வேண்டாம், ஒன்றில் 0.08க்குப் பதில் 0.0801 என்று மாற்றுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நிறையப் பேர் "11இல் 6 போனால் 5, ஆக நிஜ வருமானம் 5%" என்று சொல்லிவிட்டு, அந்த 5 சதவீதத்தோடு 8% கூடுதலை அப்படியே போட்டுவிடுகிறார்கள். விடை 1.38 கோடி வரும், அதையும் இன்றைய பணம் என்று நம்பிவிடுவார்கள். உண்மையான விடை 62.8 லட்சம், பாதிக்கும் கீழே. வருமானத்திலிருந்து விலைவாசியைக் கழித்தால் கூடுதலிலிருந்தும் கழிக்க வேண்டும். 6% விலைவாசியில் 8% கூடுதல் என்பது நிஜத்தில் 1.9% கூடுதல்தான். குழப்பமே வேண்டாம் என்றால் மேலே உள்ளதுபோல எல்லாவற்றையும் அன்றைய பணத்தில் கணக்கிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை விலைவாசியால் வகுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்கள். வரி போக இன்றைய பணத்தில் எவ்வளவு கையில் நிற்கும். வருடா வருடம் கூட்டிப் போட அந்தத் திட்டம் இடம் கொடுக்குமா. கடைசி வருடங்களில் ஏதாவது நடந்தால் எவ்வளவு அடி விழும். வெளியில் தெரியாத செலவு எங்கே இருக்கிறது.

என்பிஎஸ்ஸை இதில் சேர்க்கவில்லை. அதில் ஒரு பங்கை மாதாமாதம் ஓய்வூதியம் தரும் ஆனுவிட்டியாக மாற்றியாக வேண்டும் என்பதால் கடைசித் தொகை என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

## பிபிஎஃப்

இப்போதைய வட்டி 7.1%, 2020 ஏப்ரலிலிருந்து அசையவில்லை. வட்டிக்கு வரி கிடையாது, அரசு உத்தரவாதம், நீதிமன்றக் கடன் வழக்கில்கூடத் தொட முடியாது. 15 வருடக் கணக்கு, பிறகு ஐந்து ஐந்து வருடமாக இரண்டு முறை நீட்டித்தால் நம் ஆளுக்கு ஏறத்தாழ 60 வயது வந்துவிடும்.

குறை ஒன்றே ஒன்று, ஆனால் இந்தக் கணக்குக்கு அதுதான் உயிர்நாடி. வருட உச்சவரம்பு 1.5 லட்சம். வருடா வருடம் 8% கூட்டினால் நான்காவது வருடமே 1.51 லட்சம் ஆகி முட்டிவிடும். அந்த வருடத்திலிருந்து 22 வருடம் அதே 1.5 லட்சம்தான். வரம்பு கடைசியாக ஏறியது 2014இல், ஒரு லட்சத்திலிருந்து. இப்படியே விட்டால், 25ஆம் வருடம் நீங்கள் போடும் 1.5 லட்சத்தின் இன்றைய மதிப்பு வெறும் 37,000 ரூபாய். நாம் கூட்டிக்கொண்டே போக நினைக்கிறோம், திட்டமோ நிஜத்தில் நம்மைக் குறைத்துக்கொண்டே போகிறது.

பிபிஎஃப்பில் மட்டும் சேர்வது 93 லட்சம், இன்றைய பணத்தில் 21.7 லட்சம். ஆனால் இதோடு நிறுத்தினால் அநியாயம், ஏனென்றால் வரம்புக்கு மேல் மிஞ்சும் பணமும் எங்கேயோ போகுமே. பெரும்பாலும் அது வங்கி எஃப்டிக்குத்தான் போகிறது. 7% எஃப்டி வரி போக 4.8%, அதாவது விலைவாசிக்கும் கீழே. அதையும் சேர்த்தால் மொத்தம் 1.61 கோடி, இன்றைய பணத்தில் 37.5 லட்சம்.

பிபிஎஃப்பை ஓய்வுக்கான முழு வழியாக எடுத்துக்கொள்வது, மாதம் பத்தாயிரத்துக்கு மேல் போக வாய்ப்பே இல்லாதவர்களுக்கும், இபிஎஃப் வசதி இல்லாத சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும்தான் பொருந்தும்.

## விபிஎஃப்

அலுவலகத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் 12 சதவீதத்துக்கு மேல் நாமே விருப்பப்பட்டுக் கூட்டிப் பிடிக்கச் சொல்வது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை முழுவதும் வரை பிடிக்கச் சொல்லலாம். இபிஎஃப் வட்டிதான் இதற்கும், 2023-24இலும் 2024-25இலும் 8.25%.

இதன் பெரிய அழகு, சதவீதத்தில் எழுதிக் கொடுத்தால் கூடுதல் தானாக நடக்கும். இன்று அடிப்படைச் சம்பளத்தில் 25% என்று கொடுத்தால் பத்தாயிரம். இன்கிரிமென்ட் வந்த மாதமே அதுவும் ஏறிவிடும், நாம் எந்த ஆப்பையும் திறந்து மாற்ற வேண்டியதில்லை. பணம் கைக்கு வரும் முன்பே போய்விடுவதால் மனசு மாறவும் வழியில்லை. எத்தனையோ பேரின் "அடுத்த வருடம் கூட்டிக்கொள்கிறேன்" இதனால் மட்டுமே நடந்திருக்கிறது.

மறைவான செலவு வரி. 2021 ஏப்ரலிலிருந்து, நம் சொந்தப் பங்கு (கட்டாயமும் விருப்பமும் சேர்த்து) வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பணத்தின் வட்டிக்கு வரி. தாண்டிய அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் இல்லை, அந்தப் பணம் உள்ளே இருக்கும் வரை ஒவ்வொரு வருடமும். நம் ஆளுக்குக் கட்டாயப் பங்கு வருடம் 57,600, விபிஎஃப் 1.2 லட்சம், இரண்டும் 8% ஏறினால் ஆறாவது வருடம் 2.61 லட்சம். அன்றிலிருந்து ஒவ்வொரு கூடுதல் ரூபாயும் 8.25 சதவீதத்தில் இல்லை, வரி போக 5.7 சதவீதத்தில்தான் வளர்கிறது.

வரியே இல்லை என்று கணக்குப் போட்டால் 1.96 கோடி, வரியோடு 1.79 கோடி. இன்றைய பணத்தில் 41.7 லட்சம்.

வட்டி 25 வருடமும் 8.25 ஆகவே இருக்குமா என்று கேட்டால், இருக்காது. 2021-22இல் 8.1 ஆக இறங்கியது, 1990களில் இதுவும் பிபிஎஃப்பும் 12% கொடுத்தன. ஆனால் அன்றைய விலைவாசி வேறு. வட்டியையும் விலைவாசியையும் தனித்தனியாகக் கணிப்பதைவிட, இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுமார் 2% என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் ஏறி இறங்குகின்றன.

## இண்டெக்ஸ் ஃபண்ட்

நிஃப்டி 50 பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில், மாதாமாதம் தவணையாகப் போடும் எஸ்ஐபி. செலவு போக 11% என்று எடுத்திருக்கிறேன். விற்பவர்கள் 12, 13 என்பார்கள், 25 வருடக் கணக்கில் அந்த ஒரு சதவீதம் எவ்வளவு மாற்றும் என்று அவர்களுக்கும் தெரியும்.

11 சதவீதத்தில் 2.69 கோடி. ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், வருடத்தில் 1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5% வரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றால் செஸ்ஸோடு சுமார் 23.5 லட்சம் வரி, அந்த வருட வருமானம் பெரிதாகக் காட்டும் என்பதால் சர்சார்ஜும் வரலாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் குறையும். சர்சார்ஜ் சேர்க்காமல், ஒரே நாளில் விற்பதாகவே வைத்துக்கொண்டால் கையில் 2.46 கோடி, இன்றைய பணத்தில் 57.3 லட்சம். 11க்குப் பதில் 9% மட்டுமே கிடைத்தாலும் 45.9 லட்சம், விபிஎஃப்புக்கு மேல்தான்.

அப்போ இதுவே முடிவா? அவசரப்படாதீர்கள். வருடா வருடம் கூட்டிப் போடும்போது ஒரு விஷயம் நடக்கிறது, கால்குலேட்டர் காட்டாது. ஒரே தொகையாகப் போட்டிருந்தால் கடைசிப் பத்து வருடத்தில் போடுவது மொத்தத்தில் 40%. 8% கூட்டிப் போட்டால் அது 63%. அதாவது 87.7 லட்சத்தில் 55 லட்சம் 50 வயதுக்கு மேல்தான் உள்ளே போகிறது. "25 வருடம் இருக்கிறதே, சந்தை எப்படியும் மீண்டுவிடும்" என்று சொல்கிறோம், ஆனால் பெரும்பாலான பணத்துக்கு 25 வருடம் இல்லை, பத்துக்கும் குறைவு.

2008 ஜனவரியில் 6,300ஐ ஒட்டி இருந்த நிஃப்டி அந்த அக்டோபரில் 2,500 பக்கம் வந்தது. 2020இல் ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் சுமார் 38% விழுந்தது. அப்படி வேண்டாம், 60ஆவது வயதில் வெறும் 30% விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வரி போக இன்றைய பணத்தில் 40.9 லட்சம். விபிஎஃப்பின் 41.7க்கும் கீழே. 25 வருடம் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொண்டதற்குக் கூலி ஒன்றும் இல்லை. 50% விழுந்தால் 30 லட்சம்.

சின்ன விஷயம் ஒன்று: எஸ்ஐபியில் டாப்-அப் போடும்போது சதவீதமா, நிலையான ரூபாயா என்று பாருங்கள். முதல் வருடம் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 800 ரூபாய் என்று நிலையாக வைத்தால் 25ஆம் வருடம் தவணை 29,200தான், 8% என்றால் 63,400. சிலவற்றில் உச்சவரம்பு என்று ஒரு கட்டமும் இருக்கும், அதில் எதையாவது நிரப்பிவிட்டால் அங்கேயே கூடுதல் நின்றுவிடும்.

## நான்காவது வழி: முதலில் இண்டெக்ஸ், பிறகு விபிஎஃப்

பாதி பாதி போடுவது எல்லோருக்கும் தோன்றும். அதைவிட வரிசை முக்கியம் என்பது என் அபிப்பிராயம். முதல் 15 வருடம் புதுப் பணம் எல்லாம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. 50 வயதில் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு, அதிலிருந்து ஒரு யூனிட்டைக்கூட விற்காமல், இனி வரும் பணத்தை எல்லாம் விபிஎஃப்புக்கு.

இது வேலை செய்யக் காரணம் மேலே சொன்ன அந்த 63 சதவீதம்தான். கூட்டிப் போடும் திட்டத்தில் கடைசிப் பத்து வருடப் பணமே பெரும் பணம் என்பதால், அதைத் திருப்பிவிட்டாலே பாதுகாப்பான பக்கம் தானாகக் கனத்துவிடும். விற்று மாற்றினால் வரும் லாப வரியும் நடுவில் இல்லை. முதல் 15 வருடத்தில் போட்டது 32.6 லட்சம்தான், அது 60 வயதில் 1.83 கோடியாக நிற்கும். விபிஎஃப் பக்கம் சுமார் 70 லட்சம்.

வரி போக மொத்தம் 2.33 கோடி, இன்றைய பணத்தில் 54.4 லட்சம். முழு இண்டெக்ஸைவிட மூன்று லட்சம் குறைவு. கடைசியில் 30% விழுந்தால் 43.2 லட்சம், முழு விபிஎஃப்பைவிடவும் மேல். 50% விழுந்தால் 35.8.

| வழி | வரி போக (கோடி) | இன்றைய பணத்தில் (லட்சம்) | கடைசியில் 30% சரிந்தால் (லட்சம்) |
|---|---|---|---|
| பிபிஎஃப் + மிச்சம் எஃப்டி | 1.61 | 37.5 | 37.5 |
| விபிஎஃப் | 1.79 | 41.7 | 41.7 |
| இண்டெக்ஸ் ஃபண்ட் | 2.46 | 57.3 | 40.9 |
| 15 வருடம் இண்டெக்ஸ், பிறகு விபிஎஃப் | 2.33 | 54.4 | 43.2 |

இதற்கும் விலை உண்டு. 50 வயதில் அவருடைய கட்டாயப் பங்கே வருடம் 1.8 லட்சம் தாண்டியிருக்கும், அதனால் விபிஎஃப்பில் போடும் பெரும்பகுதி 5.7 சதவீதத்தில்தான் வளரும். அது விலைவாசிக்குக் கொஞ்சம் கீழே, பணம் நிஜத்தில் வளராது, மெல்லக் கரையும், அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது: 35 வயதிலேயே ஒரு பிபிஎஃப் கணக்கைத் திறந்து வருடம் குறைந்தபட்சமான 500 ரூபாய் மட்டும் போட்டு உயிரோடு வைத்திருங்கள். 15 வருடம் முடிந்து 50ஐ ஒட்டி முதிர்வுக்கு வரும்போது, பணம் போடும் வசதியோடு நீட்டிக்க ஓராண்டுக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வருடம் 1.5 லட்சம் வரியில்லாத 7.1 சதவீதத்துக்கு அனுப்பலாம், மிச்சம் விபிஎஃப்புக்கு. 50 வயதில் புதிதாகத் திறந்தால் 65 வரை பூட்டு.

## யாருக்கு எது

வேலை நிலையாக இருக்கும், சந்தை இறங்கினால் தூக்கம் போய்விடும் என்பவருக்கு முழு விபிஎஃப் தப்பே இல்லை. ஏனென்றால், மாதம் பத்தாயிரத்தைக் கூட்டாமல் அப்படியே 25 வருடம் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டால் வரி போக இன்றைய பணத்தில் 28.8 லட்சம்தான். வருடா வருடம் கூட்டிப் போட்ட பிபிஎஃப்-எஃப்டி ஜோடிகூட அதைத் தாண்டுகிறது. எதில் போடுகிறீர்கள் என்பதைவிடக் கூட்டுகிறீர்களா என்பது இந்தக் கணக்கில் கனமானது. கூட்ட மறந்துவிடுவேன் என்று தெரிந்தவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வழிக்குப் போவது நல்லது.

60 வயதில் மொத்தப் பணமும் தேவைப்படாது, ஓய்வூதியமோ வாடகையோ வேறு வருமானமாக இருக்கிறது என்றால் முழு இண்டெக்ஸுக்குப் போகலாம். சரிந்த வருடத்தில் விற்காமல் காத்திருக்க முடிகிறவருக்கு அந்த 40.9 லட்சம் வெறும் தாளில் இருக்கும் எண்.

50களில் வேலை போகும் வாய்ப்புள்ள துறைகளில் இருப்பவர்கள், ஐடி என்று வெளிப்படையாகவே சொல்லலாம், நான்காவது வழியின் இரண்டாம் பாதியை விபிஎஃப்பை நம்பி வைக்க முடியாது, சம்பளம் இல்லை என்றால் விபிஎஃப்பும் இல்லை. அவர்களுக்கு அந்தப் பிபிஎஃப் கணக்கு இன்னும் முக்கியம். கூடுதலை 50 வயதிலேயே நிறுத்திவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால் எவ்வளவு குறையும் என்றும் பார்த்தேன்: முழு இண்டெக்ஸ் கணக்கில் 2.69 கோடி 2.42 கோடி ஆகிறது, பத்து சதவீதம்தான். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் வரும் வருடங்களில் கூட்ட முடியாமல் போனால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த 54.4 லட்சம் மாதத்துக்கு எவ்வளவு? ஓய்வுக்குப் பிறகு பணம் விலைவாசி அளவுக்கு மட்டும் வளர்கிறது, 85 வயது வரை வர வேண்டும் என்றால் 300ஆல் வகுத்தால் போதும். இன்றைய பணத்தில் மாதம் 18,100. விபிஎஃப் மட்டும் என்றால் 13,900. இது கட்டாய இபிஎஃப் போக. உங்கள் வீட்டுச் செலவைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பற்றாது என்று தெரிந்தால் வருமானச் சதவீதத்தை 11இலிருந்து 13 ஆக்காதீர்கள், முதல் வருடத் தொகையை 10,000இலிருந்து 14,000 ஆக்கிப் பாருங்கள். இண்டெக்ஸ் கணக்கில் விடை அதே விகிதத்தில் ஏறும், விபிஎஃப்பில் 2.5 லட்ச வரம்பு ஆறாவது வருடத்துக்குப் பதில் மூன்றாவது வருடமே வந்துவிடும் என்பதால் கொஞ்சம் குறைவாக ஏறும்.